விளக்கக் கடிதமும் பெயர்த் திருத்தமும்: பான் ஒன்று சொல்ல, பாஸ்புக் வேறொன்று சொன்னால்

மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட விண்ணப்பித்தவருக்குச் சில நாளில் ஒரு பதில் வருகிறது: வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் கே.ஒய்.சி. பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. அப்போது அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டு பெயரும் தன்னையே குறிக்கின்றன என்று ஆதாரத்தோடு ஃபண்டுக்கு விளக்கக் கடிதம் எழுதலாம். அல்லது ஒத்துப்போகாத பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே போய்ப் பெயரைத் திருத்தலாம். கடிதம் சுலபம், திருத்தம் அலைச்சல் என்பதுதான் பொதுவாக நிலவும் எண்ணம். அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வேலையைச் செய்பவை என்று தெரிகிறது. கடிதம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை ஏற்க வைக்கிறது. திருத்தம், எந்த அலுவலகம் கேட்டாலும் கணினி சொல்லும் விடையையே மாற்றிவிடுகிறது. எந்த நேரத்தில் எது தேவை என்று தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால்தான் பலருக்கு வேலை இரட்டிப்பாகிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம். எழிலரசி, தந்தை பெயர் முருகேசன். பான் அட்டையில் அவர் பெயர் EZHILARASI MURUGESAN. ஆதாரில் Ezhilarasi M. பாஸ்புக்கில் M.ELILARASI. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். அவர் தெருவில் யாரைக் கேட்டாலும் சந்தேகம் வராது. ஆனால் ஃபண்டின் கணினி தமிழ் எழுத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் இருப்பவை ஆங்கில எழுத்து வரிசைகள் மட்டுமே.

இந்த மூன்று பெயர்களும் எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால், எது நகரும், எது நகராது என்பது விளங்கும். வங்கிக் கணக்கு இவற்றில் மூத்தது. கல்லூரி உதவித்தொகைக்காகவோ மகளிர் சுய உதவிக் குழுவுக்காகவோ, ஆதார் வருவதற்கு முன்பே தொடங்கப்பட்ட கணக்காக இருக்கலாம். தமிழில் இருந்த ரேஷன் அட்டையைப் பார்த்து, கவுன்ட்டரில் இருந்தவர் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ழகரத்துக்கு ஒருவர் zh போடுவார், இன்னொருவர் l போடுவார். பிறகு பேரேடுகளை எல்லாம் கணினிக்கு மாற்றிய காலத்தில் அந்த எழுத்தே அப்படியே ஏறிவிட்டது. பான் விண்ணப்பத்தின் கதை வேறு. அங்கே குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட முடியாது. முதலெழுத்தை மட்டும் போடவும் அனுமதியில்லை, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமே இல்லாத தமிழ்நாட்டுக்காரர்கள் அந்தக் கட்டத்தில் தந்தை பெயரை நிரப்பினார்கள். அப்படித்தான் எழிலரசியின் M, MURUGESAN ஆகிறது. ஆதாரில் இந்தக் கட்டாயம் இல்லாததால் அங்கே முதலெழுத்து முதலெழுத்தாகவே நின்றுவிட்டது.

ஆகவே இங்கே இருப்பது இரண்டு வேறுபாடுகள். ஒன்று முதலெழுத்து விரிந்தது. மற்றொன்று ழகரத்தை எழுதிய விதம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பெயர் கொஞ்சம் மாறியிருக்கிறது' என்று எழுதுவதுதான் பெரும்பாலான கடிதங்களின் முதல் பலவீனம். இரண்டுக்கும் வேண்டிய சான்று வேறு வேறு.

எந்தப் பெயர் எதற்கு வளைந்து கொடுக்க வேண்டும்? 2007ஆம் ஆண்டில், பங்குச் சந்தை சார்ந்த எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் பான் எண்ணே ஒரே அடையாள எண் என்று செபி ஆக்கியது. சிறு தொகை முதலீடு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. முதலீட்டாளரின் கே.ஒய்.சி. விவரங்களைக் காத்து வைக்கும் பதிவு முகமைகள், 2011ஆம் ஆண்டு செபி விதிமுறைகளின் கீழ் இயங்குபவை. அவை பான் எண்ணையும் பெயரையும் வருமான வரித் துறையின் தரவுத்தளத்தோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அதனால் மியூச்சுவல் ஃபண்ட் உலகத்தில் ஒருவரின் பெயர் என்பது வருமான வரித் துறையில் உள்ள பெயர்தான். மற்ற ஆவணங்கள் அதை நோக்கி வர வேண்டும். எழிலரசியைப் பொறுத்தவரை பான் பெயரும் ஆதார் பெயரும் எழுத்தளவில் ஒரே பக்கம் நிற்கின்றன. தனியாக நிற்பது பாஸ்புக்.

வங்கிக் கணக்கில் உள்ள பெயரை ஃபண்ட் ஏன் இவ்வளவு கவனிக்கிறது என்றும் கேட்கலாம். பணம் சரியான கணக்கு எண்ணுக்குப் போனால் போதாதா? போதாது என்பதற்குக் காரணம் அந்தக் கணக்கு எண்ணேதான். நெஃப்ட் வழியாகப் பணம் வரும்போது, பெறும் வங்கி கணக்கு எண்ணை மட்டுமே பார்த்து வரவு வைக்கிறது. பெயர் ஒத்துப்போகிறதா என்று அந்தக் கட்டத்தில் நிறுத்திப் பார்ப்பதில்லை. அதனால் யூனிட்டுகளை விற்ற தொகை வேறொருவர் கையில் போய்விடாமல் காக்கும் சோதனை முன்கூட்டியே, கணக்கைப் பதிவு செய்யும் வேளையிலேயே நடந்தாக வேண்டும். முதலீட்டுப் பணமும் முதலீட்டாளரின் சொந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும், மூன்றாம் நபர் கணக்கிலிருந்து வரக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆக, பெயர் ஒத்துப்போக வேண்டும் என்பது ஏதோ அலுவலக முறுக்கு என்று எடுத்துக்கொண்டு கோபத்தோடு எழுதும் கடிதம், படிப்பவரின் கேள்விக்குப் பதிலே சொல்வதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கணக்கின் உரிமையாளரும் இந்தப் பான் எண்ணின் உரிமையாளரும் ஒருவரா?

சோதனை நடக்கும் விதம் எளிது. ஃபண்டின் சார்பில் ஒரு ரூபாய் அந்தக் கணக்குக்கு அனுப்பப்படுகிறது. 'பென்னி டிராப்' என்பார்கள். பணம் சேர்ந்ததும், கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று வங்கியின் கணினி விடை அனுப்புகிறது. அந்தப் பெயரையும் கே.ஒய்.சி. பெயரையும் மென்பொருள் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பிடுகிறது. நன்றாக ஒத்துப்போனால் மனிதக் கை படாமலே கணக்கு பதிவாகிவிடும். இல்லாவிட்டால் விண்ணப்பம் ஒரு மனிதரின் மேசைக்குப் போகும், அல்லது திரும்பி வரும். EZHILARASI MURUGESAN என்பதையும் M.ELILARASI என்பதையும் ஒப்பிடும் மென்பொருளுக்கு முன்னும் பின்னும் மாறிக் கிடக்கும் சொற்கள், ஒற்றை எழுத்தாகச் சுருங்கிய தந்தை பெயர், நடுவில் மாறிய எழுத்து என்று தடுக்கிவிட மூன்று இடங்கள் இருக்கின்றன.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் மனைவி இரண்டாவது பெயராக இருந்தால், ஒரு ரூபாய்ச் சோதனைக்குக் கணவர் பெயர் மட்டும் விடையாக வரலாம். அது எழுத்து வேறுபாடே இல்லை. இருவர் பெயரும் அச்சான காசோலையோ கணக்கு அறிக்கையோ கொடுத்தால் தீர்ந்துவிடும். அதற்குப் போய் விளக்கக் கடிதம் எழுதுவது புதுக் குழப்பத்தைத்தான் கிளப்பும்.

கடிதம் எழுதும் வழி

நிராகரிக்கப்படும் கடிதங்கள் கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கும். 'என் பெயரைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பல விதமாக எழுதலாம், எல்லா ஆவணங்களும் என்னுடையவையே, தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும்' என்று எழுதி, பான் நகலையும் பாஸ்புக் நகலையும் இணைத்திருப்பார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அது காரணத்தைச் சொல்கிறதே தவிர, இணைப்பைக் காட்டவில்லை. ழகரத்தை இரு விதமாக எழுதலாம் என்பது மும்பையில் இருக்கும் சரிபார்ப்பவருக்கும் தெரிந்திருக்கலாம். அதை வைத்து இந்த எலிலரசி அந்த எழிலரசிதான் என்று அவர் எழுதிக் கையெழுத்திட முடியாது. அதே ஊரில் உண்மையிலேயே வேறொரு M.ELILARASI இருக்கக்கூடும் அல்லவா?

ஏற்கப்படும் கடிதம் காரணத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு இணைப்புக்குப் போகும். எழிலரசிக்காக எழுதினால் அதன் உள்ளடக்கம் இப்படி இருக்கும்:

"என் ஃபோலியோ எண் இது, பான் எண் இது. கே.ஒய்.சி. பதிவிலும் பான் அட்டையிலும் என் பெயர் EZHILARASI MURUGESAN. இன்ன வங்கியின் இன்ன கிளையில் உள்ள இந்த எண் கொண்ட சேமிப்புக் கணக்கில் என் பெயர் M.ELILARASI என்று பதிவாகியுள்ளது. வேறுபாடுகள் இரண்டு. முதலாவது, வங்கியில் உள்ள M என்பது என் தந்தை பெயரான MURUGESAN என்பதன் முதலெழுத்து. என் பான் அட்டையில் தந்தை பெயர் இதுவே என்று அச்சாகியுள்ளது. இரண்டாவது, என் தமிழ்ப் பெயரில் உள்ள ழகரம் ஓரிடத்தில் ZH என்றும் மற்றோரிடத்தில் L என்றும் எழுதப்பட்டுள்ளது. இந்தக் கணக்கில் என் பான் எண் பதிவாகியிருப்பதை உறுதிசெய்யும் வங்கிக் கிளையின் கடிதத்தை இணைத்துள்ளேன். என் பெயரை நான் சட்டப்படி மாற்றிக்கொள்ளவில்லை. கே.ஒய்.சி. பெயரை மாற்றாமல், இந்தக் கணக்கை என் ஃபோலியோவில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதலெழுத்துக்குச் சான்றை வெளியில் தேட வேண்டாம். பான் அட்டையிலேயே தந்தை பெயர் அச்சாகியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியதுமே வேறுபாட்டில் பாதி கரைந்துவிடும். சட்டப்படி பெயர் மாற்றவில்லை என்ற வரி, இது எழுத்து வேறுபாடுதான், பெயர் மாற்றம் இல்லை என்று பிரித்துக் காட்டுகிறது. அந்த வரி இல்லாவிட்டால் அரசிதழ் அறிவிப்பு எங்கே, திருமணச் சான்று எங்கே என்று அடுத்த கேள்வி வர இடமுண்டு. எந்தப் பெயர் மாற வேண்டாம் என்று சொல்லும் கடைசி வரியையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதாவிட்டால் கே.ஒய்.சி. பெயரைத் திருத்தக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளப்பட்டு, விண்ணப்பம் வேறு வரிசைக்குப் போய்விடலாம்.

ஆனால் கடிதத்தின் முழு எடையையும் தாங்குவது வங்கிக் கிளையின் கடிதம்தான். வங்கியின் முகப்புத் தாளில், கணக்கு எண், கணக்கில் உள்ள பெயர் எழுத்துப் பிசகாமல், அந்தக் கணக்கோடு இணைந்துள்ள பான் எண், கையெழுத்திடும் அதிகாரியின் பெயர், பதவி, பணியாளர் எண், கிளை முத்திரை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். பெயர்கள் இரண்டு, பான் எண் ஒன்று. அந்த ஒரே எண் இரு பக்கமும் இருப்பதைக் காட்டிவிட்டால் எழுத்து எப்படிப் பிசகினாலும் இணைப்பு அறாது. சில வங்கிகளின் கணக்கு அறிக்கையிலேயே பான் எண் அச்சாகிறது. அப்படியென்றால் கிளை முத்திரையிட்ட அந்த அறிக்கையே இந்த வேலையைச் செய்துவிடும். கணக்கில் பான் எண்ணே பதிவாகாமல் இருந்தால், கடிதம் எழுதும் முன் அதைப் பதிவு செய்ய வேண்டும். பான் இல்லாதவர்கள் தரும் படிவத்தோடு தொடங்கிய பழைய கணக்குகள் பலவற்றில் இந்த ஓட்டை உண்டு.

நோட்டரியிடம் வாங்கும் உறுதிமொழிப் பத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்ச் சிக்கல் என்றதுமே முத்திரைத்தாள் வாங்கி, இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்று தட்டச்சு செய்யக் கிளம்புகிறவர்கள் அதிகம். ஃபண்ட் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது கையெழுத்திட்டவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் உறுதி. நோட்டரி பார்ப்பது, இவர் தன் முன்னால் வந்து உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டாரா என்பதை. வங்கிக் கணக்கு யாருடையது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. வங்கியின் கடிதமோ மூன்றாம் தரப்பின் பதிவிலிருந்து வருவது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் வங்கிக் கடிதத்தைத்தான் வாங்கச் சொல்வேன்.

கையெழுத்து ஃபோலியோவில் உள்ளதைப் போலவே இருக்க வேண்டும். தமிழில் கையெழுத்திட்டுப் பழகியவர் இந்தக் கடிதத்துக்காக ஆங்கிலத்துக்கு மாறினால், பெயர் வேறுபாட்டோடு கையெழுத்து வேறுபாடும் சேர்ந்துகொள்ளும். ஆதார் நகல் இணைப்பதாக இருந்தால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகல் போதும்.

இவ்வளவும் சரியாக அமைந்த கடிதம் பெரும்பாலும் ஏற்கப்படும். அதன் எல்லை அதற்குப் பிறகுதான் தெரிகிறது. அந்தக் கடிதம் ஒரு ஃபண்டுக்கு, ஒரு ஃபோலியோவுக்கு, ஒரு கணக்குக்கு உரியது. எழிலரசி அடுத்த ஆண்டு வேறொரு ஃபண்டில் சேர்ந்தால், அங்கே ஒரு ரூபாய்ச் சோதனை மறுபடியும் நடக்கும். வங்கியின் கணினி மறுபடியும் M.ELILARASI என்றே சொல்லும். இரண்டு ஃபண்டுகளுக்கும் பின்னால் ஒரே பதிவாளர் நிறுவனம் இருந்தாலும், முதல் கடிதம் இரண்டாவது ஃபோலியோவுக்குத் தானாகப் போய்ச் சேராது.

இதைவிட அதிகம் பேர் தடுமாறுவது எஸ்.ஐ.பி. தவணைக்கான நாச் மேண்டேட்டில். ஃபண்டின் விண்ணப்பத்தில் பான் பெயரை எழுதிப் பழகிய கை, மேண்டேட் படிவத்திலும் அதையே எழுதிவிடுகிறது. அந்தப் படிவம் கடைசியில் போய்ச் சேரும் இடம் வங்கி. வங்கிப் பதிவில் உள்ளபடி பெயரை எழுதவும் என்றுதான் அதில் கேட்டிருக்கும். EZHILARASI MURUGESAN என்று எழுதினால், அப்படி ஒருவர் இந்தக் கணக்கில் இல்லையே என்று வங்கி திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. ஃபண்ட் விளக்கக் கடிதத்தை ஏற்றுக்கொண்டது வங்கிக்குத் தெரியாது. அதனால் கடித வழியில் போகிறவர் ஒரே விண்ணப்பக் கட்டில் ஒரு தாளில் ஒரு பெயரும் மற்றொரு தாளில் மற்றொரு பெயரும் எழுத வேண்டியிருக்கிறது. பார்க்க முரணாகத் தோன்றினாலும் அதுதான் சரி. ஒவ்வொரு தாளிலும், அதைப் படிக்கும் அலுவலகத்தின் பதிவில் உள்ள பெயர் இருக்க வேண்டும்.

திருத்தும் வழி

திருத்தம் என்றால் எழிலரசி தன் வங்கிக் கிளைக்குப் போய், பான், ஆதார் நகல்களோடு பெயரைத் திருத்தக் கேட்பது. மூலங்களையும் கையில் கொண்டுபோக வேண்டும். வங்கிகளுக்குத் தனியே வாடிக்கையாளர் விவரப் படிவம் உண்டு. கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கியே அவ்வப்போது அழைப்பதால், அந்தச் சமயத்தில் இதையும் சேர்த்துச் செய்துகொள்வது எளிது.

கிளையில் அடிக்கடி எழும் தடை ஒன்று இருக்கிறது. பெயரை மாற்ற வேண்டுமென்றால் அரசிதழ் அறிவிப்பைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. வழிகாட்டுதலில் திருமணச் சான்றும் அரசிதழ் அறிவிப்பும் பேசப்படுவது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். அடையாள ஆவணம் வழங்கப்பட்ட பிறகு ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பழைய ஆவணத்தை ஏற்க இவற்றில் ஒன்று துணையாக வேண்டும் என்பதே அங்கே உள்ள செய்தி. எழிலரசியின் நிலை வேறு. அவருடைய அடையாள ஆவணங்கள் எல்லாம் ஒரே எழுத்தில், சரியாக இருக்கின்றன. வங்கியின் பதிவு மட்டும் அந்த ஆவணத்துக்கு ஒத்துவரவில்லை. தன் பதிவைத் தன் வாடிக்கையாளரின் அடையாள ஆவணத்துக்கு ஒத்துவரச் செய்வது வங்கியின் வேலை. இந்த வேறுபாட்டை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். 'பெயர் மாற்றம்' என்று தலைப்பிடாமல், 'அடையாள ஆவணத்தில் உள்ளபடி பெயரின் எழுத்தைத் திருத்தக் கோருதல்' என்று தலைப்பிட்டால் கவுன்ட்டரில் பேச்சு வேறு திசையில் போகும். கல்யாணத்துக்குப் பிறகு தந்தை பெயருக்குப் பதில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அது மெய்யாகவே பெயர் மாற்றம். திருமணச் சான்று வேண்டும்.

திருத்தம் முடிந்தது என்று கிளை சொன்ன பிறகும் பாதிதான் முடிந்திருக்கலாம். வங்கிக் கணினியில் வாடிக்கையாளரின் பெயர் ஓரிடத்திலும், கணக்கின் தலைப்பில் உள்ள பெயர் வேறோரிடத்திலும் இருக்கக்கூடும். முதலாவதை மட்டும் திருத்திவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், செயலியில் புதுப் பெயர் தெரியும், ஒரு ரூபாய்ச் சோதனையில் பழைய பெயரே வரும். ஆள் குழம்பிப் போவார். இதைக் கண்டுபிடிக்க ஃபண்டுக்கு விண்ணப்பித்துப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் வேறொருவரின் கணக்கிலிருந்து, கணக்கு எண்ணையும் கிளைக் குறியீட்டையும் கொடுத்துப் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயர் என்று திரையில் வருவதைப் பார்த்தால் போதும். அங்கே EZHILARASI MURUGESAN என்று வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் கணக்கின் தலைப்பையும் திருத்தச் சொல்லி மறுபடி கிளைக்குத்தான் போக வேண்டும். கையில் மீதமிருக்கும் பழைய காசோலைப் புத்தகத்தில் பழைய பெயரே அச்சாகியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ரத்து செய்த காசோலையாக அதை ஃபண்டுக்கு அனுப்பினால், தீர்த்துவைத்த சிக்கலை நாமே திரும்பக் கூப்பிட்டதாகும். புதுப் புத்தகம் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு பக்கம், ஏற்கெனவே பழைய பெயரில் நாச் மேண்டேட் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும் தவணைகள் இருந்தால், திருத்தத்துக்குப் பிறகு வரும் முதல் தவணை கணக்கிலிருந்து போனதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போகவில்லையென்றால் புதுப் பெயரில் மேண்டேட்டைப் புதுப்பிக்க வேண்டியதுதான்.

இந்தச் சிரமம் எல்லாவற்றுக்கும் ஈடாகத் திருத்தம் தருவது பெரிது. அடுத்த ஃபண்ட், அதற்கடுத்த ஃபண்ட், டீமேட் கணக்கு, காப்பீட்டு முதிர்வுத் தொகை என்று யார் கேட்டாலும் வங்கி ஒரே விடை சொல்லும். கடிதத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: அதில் கையெழுத்திட ஆள் உயிரோடு இருக்க வேண்டும். கணக்கு வைத்திருந்தவர் இறந்த பிறகு இறப்புச் சான்றில் ஒரு பெயரும் வங்கிப் பதிவில் ஒரு பெயரும் இருந்தால், நான்தான் அவர் என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. அந்தக் கணக்கில் உள்ள பணத்துக்காக இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பாரம் பிள்ளைகள் தலையில் விழுகிறது. வயதான பெற்றோரின் கணக்குகளில் இந்தத் திருத்தத்தைத் தள்ளிப்போடவே கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆனால் திருத்தம் எப்போதும் வங்கியில்தான் என்றும் இல்லை. எழிலரசியின் பான் அட்டையில் ELILARASI என்றும், ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் EZHILARASI என்றும் இருந்திருந்தால் நிலைமை தலைகீழ். அங்கே விளக்கக் கடிதத்துக்கு இடமே கிடையாது. பதிவு முகமை ஒப்பிடுவது வருமான வரித் துறையின் தரவுத்தளத்தோடு. அந்தத் தரவுத்தளம் கடிதம் படிப்பதில்லை. பானில் உள்ள பெயரைத் திருத்த அதற்குரிய படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எண் மாறாது, பெயர் மட்டும் மாறும். அது மாறிய பிறகு கே.ஒய்.சி. பதிவையும் தனியே புதுப்பிக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக ஃபண்டுக்குப் போனால் புதுப் பெயரும் பழைய பதிவும் மோதும். ஆதாரை மட்டும் இந்த விளையாட்டில் இழுக்க வேண்டாம் என்பது என் யோசனை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். Ezhilarasi M என்பதை விரித்து எழுதுவதற்காக அதில் ஒன்றைச் செலவிடுவது வீண். முதலெழுத்து விரிந்த அளவுக்கான வேறுபாட்டைப் பான் அட்டையில் உள்ள தந்தை பெயரே விளக்கிவிடுகிறது.

எது முதலில்

இரண்டில் எதைச் செய்வது என்பதை முடிவு செய்வது, பணம் எங்கே நிற்கிறது என்பதுதான். எழிலரசி இனிமேல்தான் முதலீடு செய்யப் போகிறார் என்றால் அவசரம் ஒன்றுமில்லை. வங்கியில் பெயரைத் திருத்தி, திரையில் புதுப் பெயர் வருவதைப் பார்த்துவிட்டு, பிறகு விண்ணப்பிக்கலாம். அப்போது விளக்கக் கடிதமே தேவைப்படாது. மேண்டேட்டிலும் விண்ணப்பத்திலும் ஒரே பெயரை எழுதலாம்.

ஏற்கெனவே ஃபோலியோ இருக்கிறது, அதில் இருந்த பழைய வங்கிக் கணக்கு மூடப்பட்டுவிட்டது, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக யூனிட்டுகளை விற்க வேண்டும், கையில் இருப்பது M.ELILARASI கணக்கு மட்டும் என்றால் கடிதம்தான் முதலில். வங்கிக் கடிதத்தோடு அதைக் கொடுத்து, கணக்கு ஃபோலியோவில் பதிவான செய்தி வந்த பிறகு விற்க வேண்டும். வங்கி விவரம் மாறியதும் விற்ற தொகையை உடனே அனுப்பாமல் சில நாள் நிறுத்திவைக்கும் வழக்கம் ஃபண்டுகளிடம் உண்டு. கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு அதையும் கணக்கில் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குவதுதான் ஆபத்து. ஃபண்டுக்கு அனுப்பிய கடிதத்தில், வங்கியில் என் பெயர் M.ELILARASI என்று எழுதியிருக்கும். அதைச் சரிபார்ப்பவர் கையில் எடுப்பதற்குள் வங்கி பெயரைத் திருத்தியிருந்தால், ஒரு ரூபாய்ச் சோதனையில் EZHILARASI MURUGESAN என்று வரும். பெயர் கே.ஒய்.சி.யோடு ஒத்துப்போகும், ஆனால் கூட உள்ள கடிதமும் வங்கிச் சான்றும் வேறு பெயரைச் சொல்லும். இருந்த ஒரு கேள்வி இரண்டாகிவிடும். கடிதம் கொடுத்தவர், கணக்கு பதிவாகிப் பணமும் வந்து சேர்ந்த பிறகு வங்கிக்குப் போகட்டும். வங்கியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டவர், திருத்தம் முடியும்வரை ஃபண்டுக்கு எதுவும் அனுப்பாமல் இருக்கட்டும். முடிந்ததும் கிளையிடம் ஒரு சிறு கடிதம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்: இந்தக் கணக்கு எண் முன்பு M.ELILARASI என்ற பெயரில் இருந்தது, இந்தத் தேதியிலிருந்து EZHILARASI MURUGESAN என்று திருத்தப்பட்டுள்ளது. பழைய காசோலை நகல் ஏதாவது ஃபண்டின் கோப்பில் கிடந்து எப்போதாவது கேள்வி எழுந்தால், அந்த ஒரு தாளை அனுப்பினால் போதும்.